கருவளையத்தைக் குறைத்தால் தோல் சாம்பல் பூத்துப் போகிறது, என்ன செய்வது?

வைகைக்கரை கேமரா: கல்யாண ஆல்பத்துக்காக மணப்பெண்ணின் அம்மா படத்தை போட்டோஷாப்பில் சரிசெய்துகொண்டிருக்கிறேன். மாநிறம், 58 வயது, இரவெல்லாம் தூங்காத முகம். கண்ணுக்குக் கீழே மட்டும் Curves போட்டு வெளிச்சமாக்கினேன். கருமை குறைந்தது, ஆனால் தோல் உயிரில்லாமல் சாம்பலாகிவிட்டது. கண்பை முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

செல்வி ஸ்டூடியோ: கன்னத்துத் தோலை எடுத்து அங்கே பேட்ச் பண்ணுங்கள், அப்புறம் Opacity-யை 50% ஆக்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மல்லிகா அக்கா: தம்பி, எனக்கும் இதே தொல்லைதான். கன்சீலருக்கு முன்னால் ஆரஞ்சு கரெக்டரை மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். கன்சீலரை மட்டும் போட்டால் எனக்கும் சாம்பலாகத்தான் தெரியும்.

பழைய டார்க்ரூம்: அக்கா மேக்கப்புக்குச் சொன்னாலும் காரணம் அதேதான். அங்கே கருமை மட்டுமில்லை, நீலமும் கலந்திருக்கிறது. தம்பி, ஐட்ராப்பரை 5 by 5 Average-இல் வைத்து கன்னத்தையும் கண்ணடியையும் அளந்து எண்களைப் போடுங்கள்.

வைகைக்கரை கேமரா: கன்னம் R 172, G 124, B 98. கண்ணடி R 118, G 86, B 80.

பழைய டார்க்ரூம்: கண்ணடியைக் கன்னத்தளவு வெளிச்சத்துக்கு அப்படியே உயர்த்தினால் சுமார் 172, 125, 117 வரும். நீலம் மட்டும் 19 கூடுதல், அதுதான் உங்கள் சாம்பல்.

முதலில் நிறத்துக்கு ஒரு Curves: Blue கோட்டை நடுவில் கொஞ்சம் இறக்கி, Red கோட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மாஸ்க்கை Ctrl+I அடித்துக் கறுப்பாக்கி, ஓரம் மென்மையான வெள்ளை பிரஷால், Flow 5% வைத்து, கருவளையத்தில் மட்டும் தடவுங்கள். வெளிச்சத்துக்குத் தனியாக இன்னொரு Curves. கன்னத்தை எட்ட வேண்டாம், பாதி வழி போதும்: 145, 105, 86 பக்கம்.

கண்பை வேறு கணக்கு. மேலிருந்து வரும் வெளிச்சம் பையின் மேட்டில் விழுகிறது, அடியில் உள்ள பள்ளம் நிழலாகிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்து ஏற்றியதால் மேடு இன்னும் உப்பிவிட்டது. மேட்டைத் தொடாதீர்கள், பள்ளத்தின் கோட்டை மட்டும் சின்ன பிரஷால் ஏற்றுங்கள்.

செல்வி, Opacity குறைப்பது நல்ல பழக்கம். ஆனால் கன்னத்தின் துளைகள் பெரியவை, கண்ணடித் தோல் மெல்லிசு. பெரிய பிரிண்டில் ஒட்டுப்போட்டது தெரியும், சுருக்கமும் போய்விடும்.

செல்வி ஸ்டூடியோ: சின்ன பிரிண்டில் எனக்குத் தெரிந்ததில்லை. பெரிதாகப் போட்டுப் பார்க்கிறேன்.

வைகைக்கரை கேமரா: செய்தேன் அண்ணா. 144, 104, 87 வந்தது. சாம்பல் போய்விட்டது, சிரிப்புக் கோடுகளும் அப்படியே இருக்கின்றன. முதலில் பள்ளத்தை முழுக்க அழித்துவிட்டேன், கன்னமும் கண்ணும் ஒட்டிக்கொண்டு வேறு யாரோ மாதிரி ஆனது. பாதி திருப்பினேன், அம்மா வந்துவிட்டார்.

மணப்பெண் மட்டும் இன்னும் குறைக்கச் சொல்கிறார். அதே அம்மா குரூப் படங்களிலும் இருக்கிறார், அங்கே தொடவே இல்லை. ஆல்பத்தில் அடுத்தடுத்து வந்தால் வித்தியாசம் தெரியுமா?

பழைய டார்க்ரூம்: முகம் எவ்வளவு பெரிதாக வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பக்கத்தை பிரிண்ட் போட்டுப் பாருங்கள், அதன் பிறகு மணப்பெண்ணிடம் பேசலாம்.