மீட்டர் படத்தில் சிவப்பு எண்: உங்களுக்கும் இப்படி வந்ததுண்டா?

மில்கோபி (தெலுக் இந்தான்): செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். பழம் அவிக்கும் ஸ்டெரிலைசரின் அழுத்த மீட்டரைப் படமெடுத்து, புதுப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "அண்ணே, முள்ளு சிவப்பு 3-க்கு வந்துருச்சு, ஸ்டீமை அடைக்கவா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வெளி வட்டத்தில் கறுப்பு எண்கள், 0 முதல் 100 வரை, பி.எஸ்.ஐ. உள் வட்டத்தில் சிவப்பு எண்கள், அவை பார் அலகில். அங்கே சிவப்பு மை அலகைப் பிரித்துக் காட்டத்தான். ஆபத்து எல்லை தனி: 50-க்கு நேராக ஒரு சிவப்புக் கோடு. 40-க்கும் 60-க்கும் நடுவே பத்துக் கட்டம், அதனால் கட்டத்துக்கு 2. முள் 40 தாண்டி இரண்டாவது கட்டத்தில், அதாவது 44. ஒரு பார் ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ., ஆக 3 பார். இரண்டு வட்டமும் ஒத்துப்போனது. அவிக்க வேண்டிய அழுத்தமே அதுதான்.

ராணி_சமையல்: என் குக்கரில் மீட்டரே இல்லை, விசில்தான். அதற்கு எத்தனை பார்?

தோட்டத்துமாறன்: குக்கர் கதை அப்புறம், அக்கா. கோபி, கீழே நின்று எடுத்த படத்தை நம்பவே கூடாது. முள் எப்போதும் ஏறித்தான் தெரியும்.

போய்லர்பெரியவர்: பாதி சரி, தம்பி. முள் தகட்டை ஒட்டி இல்லை, சற்று முன்னால் நிற்கிறது. கீழிருந்து எடுத்தால் அது மேல்நோக்கி விலகித் தெரியும். ஆனால் 44 என்றால் முள் கிட்டத்தட்ட நேர் மேலே நிற்கும். விலகல் முள்ளின் நீளவாக்கிலேயே போவதால் அளவு அதிகம் மாறாது. அங்கே கெடுப்பது பக்கவாட்டுப் படம்: இடப்புறம் நின்று எடுத்தால் கூடுதலாகக் காட்டும். முள் இடப்பக்கம் படுத்திருக்கும்போதுதான் மாறன் சொன்னது நடக்கும். ஸ்டீமை அடைத்து, உள்ளிருக்கும் அழுத்தத்தையும் வெளியேற்றிவிட்டு, முள் 0-க்குத் திரும்புகிறதா என்று இன்னொரு படம் கேளுங்கள். திரும்பாத மீட்டரை எந்தக் கோணத்தில் எடுத்தாலும் பயனில்லை.

தோட்டத்துமாறன்: இடப்பக்கம் படுத்த முள்ளைத்தான் நான் பார்த்திருக்கிறேன், சரி.

மில்கோபி: பெரியவரே, இன்னொன்று. அதே படத்தின் ஓரத்தில் வெப்பமானி 130 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. 3 பார் ஸ்டீமுக்கு 143 பக்கம் வர வேண்டுமே?

போய்லர்பெரியவர்: உள்ளே காற்று வெளியேறாமல் நின்றால் அப்படி வரும். அழுத்தத்தில் காற்றுக்கும் பங்கு உண்டு, சூடு மட்டும் குறையும், பழம் சரியாக வேகாது. காற்றைத் திறந்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

மில்கோபி: இரண்டு தடவை திறந்துவிட்டோம். 134 வரைதான் ஏறியது.

போய்லர்பெரியவர்: அப்படியானால் வெப்பமானியின் குமிழ் எங்கே செருகியிருக்கிறது? அந்த இடத்தையும் நேராக நின்று ஒரு படம் போடுங்கள்.