இன்றிரவு நிறுத்திய வாசல் நிலை நடுவில் பிதுங்கிவிட்டது: உதவி வேண்டும்

நாளை காலை தங்கையின் திருமணம் வீட்டிலேயே நடப்பதால், கரையான் அரித்த பழைய நிலையைப் பெயர்த்துவிட்டு, நானும் அப்பாவும் இன்றிரவு புதிய வேம்பு நிலையை நிறுத்தினோம். அப்பா தூக்குக்குண்டைப் பிடிக்க, நான் ஆப்புகளைத் தட்டினேன். நூல் அசையாமல் நின்ற பிறகே, பத்தரை மணிக்குச் சுவருக்கும் நிலைக்கும் இடையில் சிமெண்ட் கலவையைத் திணித்தோம்.

பிறகு அளந்தால், மேலும் கீழும் 900 மில்லிமீட்டர் இருக்கும் உள்ளகலம், நடுவில் 894 மட்டுமே இருக்கிறது. கலவையை இறுக்கித் திணிக்கும்போது கால்கள் உள்ளே வளையாதிருக்க நடுவில் குறுக்குக்கட்டை கொடுக்கத் தவறிவிட்டோம். இப்படியே இறுகினால் கதவு பூட்டுப் பக்கம் உரசும்.

"கலவை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, நடுவில் கொஞ்சம் சுரண்டிவிட்டுக் கட்டையைக் கொடுத்துத் தள்ளிவிடலாம், தம்பி" என்கிறார் அப்பா. தங்கை மருதாணிக் கையோடு விளக்குப் பிடித்து நிற்கிறாள்.

அனுபவமுள்ள தச்சர்களும் கொத்தனார்களும் தயவுசெய்து சொல்லுங்கள்: ஒரு மணி நேரம் கடந்த கலவையைச் சுரண்டினால் சுவரில் பதித்த இரும்புப் பிடிகள் தளர்ந்துவிடுமா? விருந்தினர் நுழைவதற்காகக் காலை ஆறு மணிக்குக் குறுக்குக்கட்டையை எடுக்கலாமா? கதவை நாங்கள் நாளை மாட்டப் போவதில்லை.