ஒரே பத்தியில் மூன்று கருத்துகள்: எங்கே பிரிப்பது?

டெல்டாமாணவி: நாளை மாலைக்குள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். இரண்டாம் பத்தியில் மூன்று கருத்துகள் இருப்பதாகவும், அதை மூன்றாகப் பிரிக்கும்படியும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களில் வெட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. உதவுங்கள்.

கணினிக்கடை: வரியை உடைப்பதற்கு Shift+Enter அழுத்தியிருப்பீர்கள். வெறும் Enter அழுத்தினால்தான் அது புதிய பத்தியாகக் கணக்கிடப்படும்.

டெல்டாமாணவி: அதுவல்ல ஐயா, கருத்தைப் பிரிப்பதுதான் சிக்கல்.

மெய்ப்புத்திருத்தி: பத்தியைக் காட்டாமல் எங்கே வெட்டுவது என்று கேட்டால் எப்படிச் சொல்வது? கட்டுரையின் தலைப்பு என்ன? அந்த மூன்று கருத்துகள் எவை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

முதுதமிழன்: இந்தக் குழுவில் இதே கேள்வியைப் பலமுறை பார்த்துவிட்டேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இக்காலத்தவருக்கு இல்லை. ‘மேலும்’, ‘ஆகவே’, ‘இதனால்’ என்று தொடங்கும் இடங்களில் வெட்டுங்கள், வேலை முடிந்தது.

டெல்டாமாணவி: மன்னிக்கவும். தலைப்பு ‘மேட்டூர் அணையும் டெல்டா விவசாயமும்’. பத்தி இதுதான்:

“மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பிறகு, கடலுக்குச் சென்றுகொண்டிருந்த காவிரி வெள்ளத்தைத் தேக்கிவைக்க வழி பிறந்தது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது வழக்கமாக இருந்தாலும், வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவருகிறது. இதனால் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் விவசாயிகள் பலர் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவை மட்டும் நடுகிறார்கள். ஆகவே அணையைத் தூர்வார வேண்டும்.”

மெய்ப்புத்திருத்தி: இப்போது தெரிகிறது. முதுதமிழன் ஐயா சொன்னபடி ‘இதனால்’ என்ற இடத்தில் வெட்டினால், புதிய பத்தி எதைச் சுட்டுகிறது என்றே தெரியாத சொல்லோடு தொடங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் மூன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது. அதன் முன்பாதி திறப்பு நாளைப் பற்றியது, பின்பாதி வண்டலைப் பற்றியது. இரண்டையும் ‘இருந்தாலும்’ ஒட்டவைத்திருக்கிறது. ஆகவே வாக்கியங்களுக்கு இடையில் எங்கே வெட்டினாலும் போதாது. அந்த வாக்கியத்தையே இரண்டாக்க வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், அது எந்தக் கேள்விக்கு விடை என்று ஒரு சொல்லில் குறித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் ‘தேக்கம்’. மூன்றாவதன் முன்பாதியும் நான்காவதும் ‘திறப்பு’. மூன்றாவதன் பின்பாதியும் ஐந்தாவதும் ‘வண்டல்’. இரண்டாம் வாக்கியத்தில் உள்ள 93.47 என்ற எண், ‘குறைந்துவருகிறது’ என்பதற்கு அளவுகோலாக வண்டல் பத்தியில்தான் தேவைப்படுகிறது, அங்கே கொண்டுபோங்கள். 120 அடி எந்தப் பத்திக்கும் உதவவில்லை என்றால் விட்டுவிடலாம்.

இன்னொன்று, திறப்பு தள்ளிப்போவதற்கு வண்டல்தான் காரணம் என்று நீங்கள் எழுத நினைத்தீர்களா? மழை குறைந்தோ, மேலிருந்து நீர் வராமலோ அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில்தான் திறப்பு தள்ளிப்போகிறது. வண்டல் வேறு பிரச்சினை. இரண்டும் ஒரே பத்தியில் நெருங்கி நின்றதால், இல்லாத காரணத்தை ‘இதனால்’ உண்டாக்கிவிட்டது.

வங்கிக்கிளார்க்: எங்கள் அலுவலகக் கடிதத்திலும் இதே தொல்லைதான். மூன்று கோரிக்கைகளை ஒரே பத்தியில் எழுதினேன், முதலாவதற்கு மட்டும் பதில் வந்தது. அன்றிலிருந்து ஒரு பத்திக்கு ஐந்து வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன்.

மெய்ப்புத்திருத்தி: பிரித்து எழுதியது சரி. ஆனால் எண்ணிக்கை காப்பாற்றாது. இவருடைய பத்தியிலும் ஐந்து வாக்கியங்களே உள்ளன.

முதுதமிழன்: எல்லாப் பத்தியும் தன் கருத்தை முதல் வாக்கியத்திலேயே போட்டுடைக்க வேண்டும் என்பது செய்தித்தாள் பழக்கம். தமிழ் உரைநடையில் காரணங்களை அடுக்கிக் கடைசியில் முடிவைச் சொல்வதும் உண்டு.

மெய்ப்புத்திருத்தி: முதலில்தான் வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. வண்டல் பத்தியில் ‘தூர்வார வேண்டும்’ என்பது கடைசியில் வருவதே பொருத்தம். ஆனால் திறப்புப் பத்தி ‘டெல்டாவில் குறுவை நடப்பது அணை திறக்கும் நாளைப் பொறுத்தது’ என்று தொடங்கினால், பின்வரும் இரண்டு செய்திகளும் தாமாகவே அதன்கீழ் வந்து நிற்கும்.

முதுதமிழன்: பரீட்சைத்தாள் திருத்துபவருக்கு அது வசதி. படிப்பவருக்கு வசதியா என்பது வேறு கேள்வி.

வங்கிக்கிளார்க்: கடிதத்தில் முடிவைக் கடைசியில் வைத்தால் மேலாளர் அதுவரை படிப்பதில்லை, ஐயா.

முதுதமிழன்: கட்டுரையும் கடிதமும் ஒன்றல்ல.

டெல்டாமாணவி: மூன்றாக்கிவிட்டேன். ‘இதனால்’ போய்விட்டது. தேக்கம் பத்தியில் இப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருக்கிறது. அதை முன்னுரையோடு சேர்ப்பதா, வளர்ப்பதா?

மெய்ப்புத்திருத்தி: முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?