[கலைச்சொல்] கால்பேக்: தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

மலர்விழி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜாவா ஸ்விங்கில் ஒரு ஒப்படைப்பு கொடுத்திருக்கிறேன். விடுதி மெஸ் கணக்கு. பெட்டியில் நாள் எண்ணிக்கையை எழுதி 'கணக்கிடு' பொத்தானை அழுத்தினால், நாளுக்கு 95 ரூபாய் வீதம் தொகை வர வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள் என்பதால் செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஈவென்ட்டுக்கு நிகழ்வு, லிசனருக்குக் கேட்பி என்று போட்டுவிட்டேன். கால்பேக்கில் நிற்கிறேன். சொல் முக்கியம் என்று ஏன் நினைக்கிறேன் என்றால், மாணவர்கள் தடுக்கி விழும் இடமே அதுதான். ஒருவர் எழுதியது:

```java
int days = Integer.parseInt(daysField.getText());
calcButton.addActionListener(e ->
    result.setText("" + days * 95));
```

ஓட்டினால் சாளரம் வருவதற்கு முன்பே `NumberFormatException: For input string: ""` என்று நின்றுவிடுகிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியில் முன்கூட்டியே "0" என்று போட்டுவிட்டார். பிழை போய்விட்டது. ஆனால் எத்தனை நாள் எழுதி அழுத்தினாலும் விடை 0! "மேடம், பொத்தான் வேலை செய்யவில்லை" என்கிறார்.

சுகந்தன்:

மலர் அக்கா, இலங்கையில் எங்களோடு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள் 'மீளழைப்பு' என்றுதான் எழுதுவோம். ரீகால், ரீடயல் எல்லாவற்றுக்கும் 'மீள்' பழகிப்போனது. பிள்ளைகளுக்கு விளங்கும்.

திருநாவுக்கரசு:

அன்புள்ள மலர்விழி, 'மீள்' என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருதல். மீட்சி, மீட்பு, மீளாத்துயர் எல்லாம் அந்த வேரில் பிறந்தவை. அழைப்பு முதலில் எங்கே போனது, இப்போது மீண்டு வர? ஒருவரும் அழைக்கவில்லையே. பொருள் பொருந்தாத சொல்.

கேட்பி என்பதும் எனக்கு உவப்பாக இல்லை. 'கேள்' என்பதற்கு வினவு என்ற பொருளும் உண்டு. மாணவர் இதைக் கேள்வி கேட்கும் பொருளாக நினைக்கக்கூடும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, நடந்ததை வந்து சொல்பவனுக்கு நம்மிடம் ஒற்றன் என்ற சொல் இருக்கிறது. ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் வள்ளுவர். 'நிகழ்வொற்றி' என்று ஆளலாம்.

பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். அது போர்த்துக்கீசியரின் 'பொத்தாவ்'. அலமாரி, சாவி, ஜன்னல் வந்த கப்பலில் வந்தது. 'குமிழ்' என்று போடலாகாதா?

பிரபு:

ஐயா, நிகழ்வொற்றி என்று படித்தால் பையன் ஒட்டுக்கேட்கும் வைரஸ் என்று நினைத்துக்கொள்வான். குமிழ் என்றால் ரேடியோவில் திருகுவது. பொத்தான் சட்டையிலேயே இருக்கிறது, விடுங்கள்.

கால்பேக்குக்கு என் வாக்கு 'பின்னழைப்பு'. பேக் என்றால் பின். தவிர அது பின்னணியில் தனி இழையில் ஓடுவதால் பொருளும் சரியாக உட்காருகிறது. நான் ஏழெட்டு வருடமாக ஜாவாஸ்கிரிப்ட்டில் இதைத்தான் செய்கிறேன்.

ரஃபீக்:

பிரபு, பின்னால் நடப்பது சரி, பின்னணியில் என்பது தவறு. ஸ்விங்கில் பொத்தானின் கால்பேக் தனி இழையில் ஓடாது. அதற்குள் `Thread.currentThread().getName()` என்று அச்சிட்டுப் பாருங்கள், `AWT-EventQueue-0` என்று வரும். திரையை வரைவதும் அதே இழைதான். சொடுக்கு, விசையழுத்தம், 'இந்த இடத்தை மறுபடி வரை' என்ற வேண்டுகோள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும், அந்த ஓர் இழை ஒவ்வொன்றாக எடுக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் மலர்விழியின் நிரலில் இதைப் போடச் சொல்லுங்கள்:

```java
result.setText("பொறுக்கவும்...");
Thread.sleep(5000);  // try-catch தேவை
result.setText("முடிந்தது");
```

'பொறுக்கவும்' என்பது திரையில் வரவே வராது. பொத்தான் அழுந்திய கோலத்திலேயே ஐந்து விநாடி உறைந்து நிற்கும், அப்புறம் நேராக 'முடிந்தது'. முதல் `setText` எழுத்தை மாற்றியது உண்மை. ஆனால் வரைவதற்கான வேண்டுகோள் வரிசையில் பின்னால் நிற்கிறது. முன்னால் நிற்கும் நம் கால்பேக் முடிந்தால்தானே அதற்கு முறை வரும்? நீண்ட வேலைக்கு `SwingWorker` இருப்பது இதற்காகத்தான். ஜாவா 6-இலிருந்து அது நூலகத்திலேயே இருக்கிறது.

அதனால் 'பின்னழைப்பு' எனக்கு அச்சமூட்டுகிறது. நீங்கள் நினைத்ததையே மாணவரும் நினைப்பார், அப்புறம் கால்பேக்குக்குள் கோப்பு படிப்பார், சாளரம் உறைந்துவிட்டது என்று வருவார்.

வேல்முருகன்:

குழுவுக்குப் புதியவன். சொல் பற்றித் தெரியாது, ஆனால் இந்தப் பொத்தான் விஷயத்தில் எனக்கும் ஒரு தொல்லை. கடை ரசீது மென்பொருள் ஒன்று எழுதினேன். ஒருமுறை அழுத்தினால் இரண்டு ரசீது வருகிறது, சாளரத்தை மூடித் திறந்தால் மூன்று. மவுஸ் கெட்டுவிட்டதா? மாற்றியும் பார்த்துவிட்டேன்.

ரஃபீக்:

மவுஸை விட்டுவிடுங்கள் அண்ணே. சாளரத்தைக் காட்டும் முறைக்குள் `addActionListener` எழுதியிருப்பீர்கள், பொத்தானை மட்டும் ஒரே ஒருமுறை உருவாக்கியிருப்பீர்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலையை அது செய்யாது. பெயரிலேயே 'add' இருக்கிறது பாருங்கள், மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போகும். பொத்தான் உருவாகும் இடத்துக்கு அந்த வரியை மாற்றுங்கள். இன்னொன்று: ஸ்விங் பொத்தானில் கடைசியாகச் சேர்த்த கேட்பியைத்தான் முதலில் கூப்பிடும். எழுதிய வரிசையில் நடக்கும் என்று நம்பி எதையும் கட்டாதீர்கள்.

வேல்முருகன்:

அதேதான்! நன்றி. கேட்பி என்றால் எனக்குப் புரிகிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்விழி:

ரஃபீக் சொன்ன வரிசையைக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். ஆனால் என் மாணவரின் குழப்பம் வேறு. `actionPerformed` என்று முழு வகுப்பாக எழுதிய ஒரு மாணவி, நிரல் முழுக்கத் தேடிவிட்டு "இதை நான் எங்கேயுமே கூப்பிடவில்லையே, அப்புறம் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டாள். பூஜ்ஜியம் வாங்கிய பையனுக்கும் அடிப்படையில் அதே குழப்பம்தான். `getText()` வரி, சாளரத்தைக் கட்டும்போதே ஒருமுறை ஓடி முடிந்துவிட்டது. அப்போது பெட்டியில் இருந்தது 0. அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது மட்டும்தான் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓடுகிறது. அந்த வரியை உள்ளே நகர்த்தியதும் 30 நாளுக்கு 2850 என்று சரியாக வந்தது. 'எழுதிக் கொடுப்பது நான், கூப்பிடுவது நூலகம்' என்பதைச் சொல்லும் சொல் வேண்டும்.

திருநாவுக்கரசு:

இப்போதுதான் பொருள் விளங்கியது. அப்படியானால் அழைப்பு என்பதே வேண்டாம். இவர் செய்வது, இன்னது நடந்தால் இதைச் செய் என்று ஒருவரிடம் பொறுப்பை விடுவது. 'ஒப்படைப்பு' எனலாம்.

ரஃபீக்:

ஐயா தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஜாவாவின் முதல் பதிப்பில் கேட்பியே கிடையாது. சாளர வகுப்பிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து, அதில் `action` என்ற முறையை மாற்றி எழுதி, வந்தது எந்தப் பொத்தானிலிருந்து என்று if மேல் if ஆக அடுக்க வேண்டும். பலர் பொத்தானின் மேல் இருக்கும் எழுத்தையே ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்கள். 'கணக்கிடு' என்பதை 'கூட்டு' என்று மாற்றினால் நிரல் ஊமையாகிவிடும். 1997-இல் 1.1 பதிப்பில்தான் பொத்தான் தன் வேலையை இன்னொரு பொருளிடம் விடும் ஏற்பாடு வந்தது. அதற்கு வைத்த பெயரே டெலிகேஷன்.

மலர்விழி:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் குறிப்பின் தலைப்பே 'ஒப்படைப்பு 3'. ஒப்படைப்பில் ஒப்படைப்பை எழுதி ஒப்படைக்கவும் என்று நான் எழுத முடியாதே!

சுகந்தன்:

ஐயா, மீளழைப்பில் மீளுவது அழைப்பு அல்ல, திசை. வழக்கமாக நாங்கள் நூலகத்தை அழைக்கிறோம். இங்கே நூலகம் மீண்டு எங்களை அழைக்கிறது. போன இடத்திலிருந்து வருகிறது, நீங்கள் சொன்ன வேருக்கும் பொருந்துகிறதுதானே? நிகழ்வு விஷயத்தில் பிழை பிடிக்காதது ஆச்சரியம். தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடத்தில் ஈவென்ட் 'நிகழ்ச்சி' அல்லவா?

பிரபு:

நிகழ்ச்சி என்றால் டிவி நிகழ்ச்சி. ஆரம்பிக்காதீர்கள்.

ரஃபீக், நேற்று இரவு அந்த ஐந்து விநாடி நிரலை ஓட்டினேன், நீங்கள் சொன்னபடியேதான் உறைந்தது. பின்னழைப்பை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பேசாமல் 'கால்பேக்' என்றே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன? நேர்முகத் தேர்வில் மீளழைப்பு என்று யாரும் கேட்கப் போவதில்லை.

மலர்விழி:

நேர்முகத் தேர்வுக்கு மூன்று வருடம் இருக்கிறது, அச்சகத்துக்கு ஒரு நாள்தான். சுகந்தன், ரஃபீக், வேல்முருகன் மூவருக்கும் மீளழைப்பு பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் 'கால்பேக் எனப்படும் மீளழைப்புச் செயற்கூறு' என்று போட்டு, அடுத்த வரியிலேயே 'இதை நீங்கள் அழைக்க மாட்டீர்கள். பொத்தான் அழுத்தப்படும்போது ஸ்விங் அழைக்கும்' என்று எழுதிவிடுகிறேன். கேட்பி, பொத்தான், நிகழ்வு மாற்றமில்லை.

ரஃபீக்:

எனக்குப் பரவாயில்லை என்பதை விட, களைத்துவிட்டேன் என்பதே சரி. அந்த அடுத்த வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

திருநாவுக்கரசு:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. சுகந்தன் காட்டிய திசை விளக்கம் நயமானது. ஆனால் சொல்லைப் பார்த்தவுடன் அது தோன்ற வேண்டும், விளக்கம் கேட்டபின் தோன்றுவது போதாது. 'ஏவல்' என்பதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ஏவல் வினைமுற்று என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஏவிவிடுவது ஒருவர், செய்வது இன்னொருவர். நாளை விரிவாக எழுதுகிறேன்.

சுகந்தன்:

ஐயா, ஏவல் என்றால் எங்கள் பக்கம் பில்லி சூனியத்தோடு சேர்ந்து வருவது.