பையனுக்கு ஆய் போகும்போது குடல் வெளிய வருது, அவசரம்

செல்வி, வால்பாறை
பையன் ஆய் போக உட்கார்ந்தா சிவப்பா சதை தள்ளிக்கிட்டு வருது. இன்னைக்கு அது மேல வெள்ளையா நூல் மாதிரி இருந்துச்சு. மூலம்னு சொல்றாங்க. என்ன செய்யணும், சீக்கிரம் சொல்லுங்க.

கோபி அப்பா
என் பொண்ணுக்கும் இப்படி வந்துச்சும்மா. மலச்சிக்கல்தான் காரணம். வாழைப்பழமும் தண்ணியும் நிறைய குடுங்க, நின்னுடும்.

மூத்த வாசகன்
வயசு, எடை எதுவும் சொல்லாம "சீக்கிரம் சொல்லுங்க"ன்னா யார் என்ன சொல்ல முடியும்? இந்தக் குழுவுல கேள்வி கேக்கவே ஒரு முறை இருக்கு. பழைய இழைகளைப் படிச்சிட்டு வாங்க.

லேப் முருகேசன்
விடுங்க சார், அவங்க பதற்றத்துல இருக்காங்க. செல்விம்மா, நாலு விஷயம் சொல்லுங்க. வயசும் எடையும் என்ன? சீதம், ரத்தம் போகுதா, எத்தனை நாளா? வெளிய வந்தது தானா உள்ள போகுதா? அந்த நூலைத் துணியால தொட்டப்போ கையோட வந்துச்சா, ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?

செல்வி, வால்பாறை
நாலு வயசு, பதினொன்றரை கிலோ. சீதமும் ரத்தமும் ரொம்ப மாசமா போகுது, விட்டு விட்டு வரும். மலச்சிக்கல் இல்ல, ஒரு நாளைக்குப் பல தடவை போறான். தள்ளிவிட்டாதான் உள்ள போகுது. நூல் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, துடைச்சும் வரல. ரத்தம் 6.8ன்னு சொல்லி டானிக் குடுத்தாங்க. மண்ணு தின்பான். அங்கன்வாடில பூச்சி மாத்திரை போட்டாச்சு, அதனால பூச்சியா இருக்காதுன்னு நினைச்சேன்.

சித்தா பிரியன்
கீரிப்பூச்சி அது. வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுங்க.

லேப் முருகேசன்
கீரிப்பூச்சி ராத்திரி ஆசனவாயில நெளியும், துடைச்சா வந்துடும். இது ஒட்டிக்கிட்டு இருக்குங்கிறதைப் பார்த்தா எனக்கு சாட்டைப்புழு மேலதான் சந்தேகம். அதோட முன்பாதி மயிர் மாதிரி மெலிசு. அதைப் பெருங்குடல் சுவருக்குள்ள நுழைச்சுக்கிட்டு, தடிச்ச பின்பாதியை வெளிய விட்டிருக்கும். கொஞ்சம் புழுன்னா குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது. நூத்துக்கணக்குல இருந்தா சுவர் வீங்கி ரத்தம் கசியும். புழு ஆசனவாய் வரைக்கும் இறங்கிட்டா, ஆய் போய் முடிச்ச பிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே தோணும். குழந்தை முக்கிக்கிட்டே இருக்கும், குடல் வெளிய வந்துடும்.

மாத்திரை விஷயம் இதுதான்: ஒரே ஒரு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கு நல்லா கேக்கும். சாட்டைப்புழுவுல பாதிப் பேருக்குக்கூட முழுசா போகாது. அதனால இதுக்குத் தொடர்ந்து மூணு நாள் குடுப்பாங்க, அதிகமா இருந்தா இன்னும் நீட்டுவாங்க. அளவை டாக்டர் சொல்லட்டும். முதல்ல மலம் பரிசோதனை பண்ணுங்க. முட்டை ரெண்டு முனையிலயும் மூடி வெச்ச பீப்பாய் மாதிரி இருக்கும், தப்பவே தப்பாது. சீதபேதி அமீபாவும் இதே மாதிரி சீதம் போக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

நர்ஸ் கலா
மாத்திரைப் பேச்சு அப்புறம். அஞ்சு வயசுக்குக் கீழ ரத்தம் 7க்குக் குறைஞ்சா அது கடுமையான சோகை, டானிக்கை மட்டும் நம்பி வீட்டுல வெச்சிருக்காதீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூச்சு வாங்குதான்னு பாருங்க. வழியில குடல் வந்துச்சுன்னா, முழங்காலை நெஞ்சோட மடக்கிப் படுக்க வெச்சு, நனைச்ச சுத்தமான துணியால சில நிமிஷம் மெதுவா அழுத்திப் பிடிங்க. கருநீலமா மாறினாலோ உள்ள போகலைன்னாலோ காத்திருக்கக் கூடாது.

கோபி அப்பா
மண்ணு தின்னதாலதான் எல்லாம். முதல்ல அதை நிறுத்துங்க.

நர்ஸ் கலா
அண்ணா, ரத்தம் குறைஞ்ச குழந்தைக்கு மண் ஆசை வரும். திட்டி நிறுத்த முடியாது.

லேப் முருகேசன்
ரெண்டுமே உண்டு. மண்ணுல விழுந்த முட்டை ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் தொத்துற நிலைக்கு வரும். அதைத் தின்னா புழு, புழுவால சோகை. எது முதல்ல வந்துச்சுன்னு இந்தப் பையன்ல சொல்ல முடியாது.

சித்தா பிரியன்
எங்க பாட்டி காலத்துல மாத்திரையே கிடையாது, யாரும் சாகல.

மூத்த வாசகன்
செத்தவங்க வந்து உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. 6.8ஐ வெச்சுக்கிட்டு வேப்பங்கொழுந்து பேசாதீங்க. மண்ணை வேற இழையில பேசுங்க. செல்வி, போய்ட்டீங்களா?

லேப் முருகேசன்
இன்னொண்ணு. இவ்வளவு ரத்தம் குறைய சாட்டைப்புழு மட்டும்தான் காரணமான்னு சந்தேகம் இருக்கு. தோட்டத்துல வெறுங்காலோட நடக்கிற பையன்னா கொக்கிப்புழுவும் சேர்ந்திருக்கலாம். முட்டையைத் தேடும்போது ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க.

செல்வி, வால்பாறை
அட்மிட் பண்ணிட்டாங்க. ரத்தம் ஏத்துறாங்க. ரிப்போர்ட்ல சாட்டைப்புழு முட்டை நிறைய இருக்காம். கொக்கிப்புழு பத்தி எதுவும் சொல்லல, கேக்கணும். மூணு நாள் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. குடல் இன்னும் வருது. சார்ஜ் தீருது, அப்புறம் சொல்றேன்.

நர்ஸ் கலா
புழு போய், வீக்கம் வத்தினாத்தான் வர்றது குறையும்மா, உடனே நிக்காது. ஆய் போக ரொம்ப நேரம் உட்கார விடாதீங்க. சில வாரம் கழிச்சு மலத்தை மறுபடி பாருங்க, முட்டை இருந்தா திரும்ப மருந்து தேவைப்படும். இரும்பு டானிக்கை ரத்தம் ஏறின உடனே நிறுத்திடாதீங்க, இன்னும் ரெண்டு மூணு மாசம் குடுக்கணும். ஆய் கருப்பா போகும், பயப்படாதீங்க.

கோபி அப்பா
தங்கச்சிப் பாப்பா இருந்தா அதுக்கும் பாருங்கம்மா. வயசு என்ன?