நடுவுள்ள நேர்மடி, நடுவிலா எதிர்மடி: நான்கு வடிகட்டிகளுக்குப் பெயர் தேடி

கயல்விழி (ஜாலஹள்ளி, பெங்களூரு)

வணக்கம். பீன்யாப் பக்கம் வேலை பார்க்கும் சில டிப்ளமோ பையன்களுக்கு ஞாயிறுதோறும் டிஜிட்டல் வடிகட்டி பற்றித் தமிழில் சொல்லித் தருகிறேன். நேர்கட்ட எஃப்.ஐ.ஆர். வடிகட்டியில் நான்கு வகை உண்டல்லவா, அங்கே சிக்கிக்கொண்டேன். முதல் வகை, இரண்டாம் வகை என்று எண் சொன்னால் மறு வாரமே மறந்துவிடுகிறார்கள். சரி, பெயராகவே இருக்கட்டும் என்று முதல் வகையை ‘ஒற்றை நீள இரட்டைச் சமச்சீர்’ என்று பலகையில் எழுதினேன். "மேடம், இது ஒத்தையா ரெட்டையா?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நீளம், அதாவது சாம்பிள்களைப் பெருக்கும் கெழுக்களின் எண்ணிக்கை, ஒற்றைப்படை. சமச்சீரோ இரட்டைச் சார்பு போன்றது. போதாக்குறைக்கு, வடிகட்டியின் படி நீளத்தைவிட ஒன்று குறைவு. நீளம் 65 என்றால் படி 64. ஒரே பொருளுக்குள் ஒற்றையும் இரட்டையும் மூன்று முறை முட்டிக்கொள்கின்றன.

எது உயர்கடத்தியாக உதவும், எது உதவாது என்பது பெயரைப் பார்த்தாலே தெரிய வேண்டும். ஏதாவது யோசனை சொல்லுங்கள்.

மரியா (ஃப்ரேசர் டவுன்)

முதலில் ‘உயர்கடத்தி’யை மாற்றுங்கள். கடத்தி என்றால் செம்புக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. நல்ல மின்கடத்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைத்துத்தான் இந்த மடலையே திறந்தேன்! ‘மேல்விடு வடிகட்டி’ என்றால் என்ன? மேலே உள்ள அலைவெண்ணை விடுகிறது, கீழே உள்ளதைப் பிடித்துக்கொள்கிறது.

செந்தில் (மாரத்தஹள்ளி)

மேல்விடு எனக்குச் சம்மதம். ஆனால் கயல், நான்கு பெயர் எதற்கு? நீளம் இரட்டைப்படையாக இருந்தால் மேல்விடு வராது, ஒற்றைப்படையாக இருந்தால் வரும். இந்த ஒரு விதி போதும். பைத்தானில் இதைப் போட்டுப் பாருங்கள், பிழை காட்டி நின்றுவிடும்:

```
from scipy.signal import firwin
firwin(64, 1000, fs=10000, pass_zero=False)
```

64-ஐ 65 ஆக்கினால் ஓடும். மேட்லாபில் `fir1`-க்கு நீளத்தை அல்ல, படியைத் தர வேண்டும். அங்கே 63 கொடுத்து மேல்விடு கேட்டால் எச்சரித்துவிட்டு அதுவே 64 ஆக்கிக்கொள்ளும். நீளம் 65 ஆகிவிடும்.

முத்தையா (மல்லேஸ்வரம்)

செந்தில் தம்பி சொன்னது பாதி சரி. அந்த விதி சமச்சீர் வடிகட்டிக்கு மட்டும்தான். எதிர்சமச்சீருக்கு அது அப்படியே தலைகீழாகிவிடும்.

பையன்களுக்குச் சூத்திரமே வேண்டாம், கயல். சாம்பிள் வீதத்தில் சரிபாதி அலைவெண்ணில் உள்ள அலை +1, −1, +1, −1 என்றுதான் வரும். அதனால் கெழுக்களை ஒன்று விட்டு ஒன்று குறி மாற்றிக் கூட்டினால், அந்த உச்சி அலைவெண்ணில் வடிகட்டி எவ்வளவு விடும் என்பது தெரிந்துவிடும். குறி மாற்றாமல் கூட்டினால் சுழி அலைவெண்ணில் விடும் அளவு.

1, 3, 3, 1 என்று எடுங்கள். குறி மாற்றிக் கூட்டினால் 1−3+3−1, சுழி. எந்த எண்ணைப் போட்டாலும் சுழிதான், ஏனென்றால் ஜோடியில் ஒன்றுக்குக் கூட்டல் விழுந்தால் மற்றதற்குக் கழித்தல் விழும். உச்சியிலேயே அடைப்பு இருப்பதால் மேல்விடு ஆகாது. இனி 1, 3, −3, −1. சும்மா கூட்டினால் சுழி, குறி மாற்றினால் 1−3−3+1, அதாவது −4. கீழே அடைப்பு, மேலே திறப்பு. நீளம் இரட்டைப்படைதான், ஆனாலும் மேல்விடு! 1, 3, 0, −3, −1 என்பதோ இரண்டு முனையிலும் சுழி, இடைப்பட்டதை மட்டும் விடும். கடைசியாக −1, 2, −1 போல நடுவில் ஒரு கெழு நிற்கும் சமச்சீர். இதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை, எண்ணைப் பொறுத்து எதுவாகவும் ஆகும்.

ஒற்றையையும் இரட்டையையும் பெயரிலிருந்தே நீக்கிவிடலாம். நடுவில் கெழு இருந்தால் ‘நடுவுள்ள’, இல்லையென்றால் ‘நடுவிலா’. வேட்டியை மடிப்பதுபோல் நடுவில் மடித்தால் அதே எண்ணின் மேல் அதே எண் விழுந்தால் ‘நேர்மடி’, குறி மாறி விழுந்தால் ‘எதிர்மடி’. மேல்விடு ஆகக்கூடியவை நடுவுள்ள நேர்மடியும் நடுவிலா எதிர்மடியும்.

இர்ஃபான் (பீன்யா)

ஐயா, எனக்கு இரண்டு மாதத் தலைவலி இப்போதுதான் புரிகிறது. லேத் மெஷின் பேரிங்கில் சென்சார் ஒட்டி, நொடிக்கு 10,000 சாம்பிள் எடுக்கிறோம். 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மோட்டார் இரைச்சலை நீக்கிவிட்டு, பேரிங் ‘டக்’ என்று தட்டும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பஃபர் கணக்குக்காக நீளம் 64-ஐ விட மனசில்லை. அதனால் 64 நீளத் தாழ்விடு வடிகட்டி ஒன்றை எடுத்து, கெழுக்களை ஒன்று விட்டு ஒன்று குறி மாற்றிவிட்டேன். வரைபடத்தில் அருமையான மேல்விடு. ஆனால் சோதனைக்குச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், ஒரே முகடு வர வேண்டிய இடத்தில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஜோடியாக வந்தது. நேரம் குறிக்கும் நிரல் ஒருமுறை முன்னதைப் பிடிக்கும், மறுமுறை பின்னதை. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியும் பார்த்துவிட்டேன்.

முத்தையா

சென்சார் பாவம்! நடுவிலா நேர்மடியை ஒன்று விட்டு ஒன்று குறி மாற்றினால் அது நடுவிலா எதிர்மடி ஆகிவிடும். 1, 3, 3, 1 போய் 1, −3, 3, −1 ஆவதைப் பாருங்கள். விடும் அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்மடி எல்லா அலைவெண்ணுக்கும் கூடுதலாக 90 பாகை கட்டம் திருப்பும். ஒற்றை முகடு உள்ளே போனால், அந்த முகடு இருந்த இடத்தில் சுழியும், இரு பக்கமும் எதிரெதிர்க் குறியில் முகடுகளும் வரும். அதிர்வின் மொத்த ஆற்றலை மட்டும் பார்க்கிறவருக்கு இது பொருட்டே இல்லை. உமக்கோ முகட்டின் நேரம்தான் வேண்டும்.

65 நீளத்துக்குப் போங்கள். தாமதமும் 31.5 சாம்பிளிலிருந்து முழுசாக 32 ஆகிவிடும், அதாவது 3.2 மில்லிநொடி. மற்ற சேனலோடு ஒட்டிப் பார்க்க அதுவே வசதி.

செந்தில்

இர்ஃபான், குறி மாற்றாமல் இன்னொரு வழி இருக்கிறதே. சிக்னலிலிருந்து தாழ்விடு வெளியீட்டைக் கழித்தால் மிச்சம் மேல்விடுதானே? அதை 64-லேயே செய்யலாமே.

இர்ஃபான்

செய்தேன் அண்ணா. 31 சாம்பிள் தள்ளிக் கழித்தேன், 32 தள்ளியும் கழித்தேன். சுழி அலைவெண்ணுக்கு அருகே மட்டும் அடைத்தது, உச்சிக்கு அருகே அளவு சரியாக இருந்தும் தட்டின் இருபுறமும் ஒரே மாதிரி இல்லை. ஐயா வைத்த பெயரைப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. 31.5-இல் கழிக்க வேண்டும், அங்கே கெழுவே இல்லை. நடுவிலா!

கயல்விழி

இதற்குத்தான் ஐயா பெயர் வேண்டும் என்றேன். நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரே குறை, மடி என்றால் கணக்கில் ‘இருமடி, மும்மடி’ என்ற பொருளும் இருக்கிறது.

மரியா

மடி என்றதும் எங்கள் தெருப் பாட்டி மடியாக உடுத்திக்கொண்டு எட்டி நிற்பதும் நினைவுக்கு வருகிறது. மாலைமாற்று என்று வைக்கலாமே? விகடகவி போல எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். விகடகவிக்கு நடுவில் ‘ட’ இருக்கிறது, ‘மாமா’வுக்கு நடுவில் எதுவும் இல்லை.

முத்தையா

அழகாக இருக்கிறது அம்மா, ஆனால் குறி மாறும் மாலைமாற்றுக்கு எங்கே போவது? நான் மடியிலேயே நிற்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. எதிர்மடி இரண்டையும் நேர்கட்டம் என்றே சொல்கிறோம். கட்டக் கோடு நேர்கோடுதான், ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போவதில்லை, 90 பாகை தள்ளித் தொடங்குகிறது. இர்ஃபானை ஏமாற்றியது அந்தத் தள்ளல்தான். ‘சாய்நேர்கட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன், கோடு ஏற்கெனவே சாய்வாகத்தான் இருக்கிறது என்பதால் அடித்துவிட்டேன். ‘தள்ளிய நேர்கட்டம்’?

செந்தில்

‘தள்ளிய’ என்றால் தள்ளுபடி மாதிரி இருக்கிறது ஐயா. ‘பெயர் நேர்கட்டம்’? வேண்டாம், அது இன்னும் மோசம்.

கயல்விழி

அந்த ஒன்றை அடுத்த ஞாயிறு வரை காலியிடமாக விட்டு வைக்கிறேன். இர்ஃபான், 65 போட்டதும் சுத்தியல் தட்டின் படத்தை அனுப்புங்கள், 64 படத்தின் பக்கத்தில் ஒட்டிப் பையன்களிடம் காட்டுகிறேன்.