பிரெஞ்சில் எழுதிய பழைய நிலப்பத்திரத்தைத் தமிழாக்கியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பாகூர் பேத்தி

எங்கள் வாரிசு வழக்கில் 1871ஆம் ஆண்டின் இரண்டு பிரெஞ்சுத் தாள்கள் இருக்கின்றன. முதலாவது, அண்ணன் தம்பி இருவரும் நோத்தேர் என்ற பிரெஞ்சு ஆவண அதிகாரி முன்னிலையில் செய்துகொண்ட பாகப்பிரிவினை. அதன் தேதி செப்டம்பர் 14 என்று முழுவதும் எழுத்தால் எழுதப்பட்டிருப்பதால் அதில் சச்சரவு இல்லை. இரண்டாவது, அண்ணன் ஒரு காணியை அயலாருக்கு விற்றதற்கு, நோத்தேர் இல்லாமல் தங்களுக்குள்ளேயே கையெழுத்திட்டுக்கொண்ட கைச்சாத்துப் பத்திரம். நாங்கள் தம்பி வழியினர். அண்ணன் வழியினர் தாக்கல் செய்த தமிழாக்கத்தில் அந்த விற்பனையின் தேதி "ஆகஸ்டு 12" என்று இருக்கிறது. ஆகஸ்டு என்றால் நிலம் பிரிக்கப்படுவதற்கு முன்பே பொதுச்சொத்திலிருந்து விற்றதாகும்; ஆகையால் அவர்களுடைய பாகம் குறையவில்லை, எங்கள் கையிலுள்ள நிலத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது அவர்களுடைய வாதம்.

எங்கள் வழக்கறிஞரின் அறையில் அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் நான் திடுக்கிட்டேன். அங்கே மாதத்தின் பெயரே எழுதப்படவில்லை. 8 என்ற எண்ணும், அதன் வலத்தோளில் பொடியாக மூன்று எழுத்துகளும் மட்டுமே இருந்தன. எட்டாம் மாதம் ஆகஸ்டுதானே என்று யாரோ எழுதிவிட்டார்கள். ஆனால் அது ஒக்தோபர். பிரெஞ்சுக்காரர்கள் செப்டம்பரை 7, ஒக்தோபரை 8, நவம்பரை 9, டிசம்பரை ரோம எண் 10 இட்டுச் சுருக்கி எழுதியது, அந்தப் பெயர்களுக்குள் இருக்கும் லத்தீன் எண்ணை வைத்துத்தான். அந்த ஒரு சுருக்கத்தின் மேல் ஒரு காணி நிலம் நிற்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் வருவதில்லை. இதுபோன்ற தேதியை நீதிமன்றத்தில் நிறுவியவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம், உரியவர் பொறுப்பிலிருந்து வந்திருந்தால், நீதிமன்றம் அதை மெய்யென்றே எடுத்துக்கொள்ளும். என் பெரியப்பாவின் வழக்கில் பழைய பத்திரத்தை நீட்டினோம், நீதிபதி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அசலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். எந்தத் தமிழாக்கம் இருந்தாலும் போதும்.

காரைக்கால் வாசகி

எங்களுக்குத் தேதியில் சிக்கல் இல்லை, அளவில்தான் வந்தது. எங்கள் தாத்தாவின் பத்திரத்தில் நிலம் குழிக்கணக்கில் இருந்தது. தமிழாக்கியவர் புதுச்சேரிக்காரர், ஆகவே அங்குள்ள வழக்கப்படி ஒரு குழிக்கு 576 சதுர அடி என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டார். எங்கள் பக்கம் தஞ்சைக் கணக்கு, குழிக்கு 144 சதுர அடிதான். காகிதத்தில் எங்கள் நிலம் நான்கு மடங்கானது. பங்காளிகளில் ஒருவர் அதை நம்பி, மீதி நிலத்தை நாங்கள் மறைத்துவிட்டதாக இன்றுவரை சொல்லி வருகிறார். என் சிறுவயதில் என்னைத் தூக்கிச் சுமந்தவர் அவர், இப்போது தெருவில் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார். மூலத்தில் உள்ள அளவை அப்படியே விட்டு, மாற்றுக் கணக்கைத் தனித்தாளில் போட்டிருந்தால் இந்த மனத்தாங்கல் வந்திருக்காது.

வில்லியனூர் மொழிபெயர்ப்பாளர்

ஓய்வுபெற்ற எழுத்தர் ஐயா சொன்னதில் பாதி சரி. முப்பது ஆண்டு விதி கையெழுத்தும் எழுத்தும் உரியவருடையவையே என்ற அனுமானத்தைத்தான் தருகிறது. உள்ளே எழுதியிருப்பது என்ன பொருள், எந்த நாள் என்பதை அது தீர்ப்பதில்லை. தமிழாக்கத்துக்கோ எந்த அனுமானமும் கிடையாது; எதிர்த்தரப்பு மறுத்தால் மொழிபெயர்த்தவர் கூண்டேறி ஒவ்வொரு சொல்லையும் எங்கே எப்படிப் படித்தார் என்று சொல்ல வேண்டும். பாகூர் சகோதரியின் வழக்கில் மறுப்பு வந்துவிட்டது, எனவே "எந்தத் தமிழாக்கமும் போதும்" என்பது அவருக்குப் பொருந்தாது.

தேதியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த எண்ணை மட்டும் வைத்து வாதாடாதீர்கள், ஏனெனில் மங்கிய மையில் 7-ஐயும் 8-ஐயும் குழப்ப முடியும். முதலில் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். கைச்சாத்துப் பத்திரம் பதிவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தால், பதிவாளர் தன் கையால் தேதியும் ஏட்டுப் பக்கமும் வாங்கிய கட்டணமும் எழுதியிருப்பார், அந்தத் தேதி பெரும்பாலும் எழுத்தால் இருக்கும். பழைய பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 1328ஆவது பிரிவின்படி, கைச்சாத்துப் பத்திரத்தின் தேதி வெளியாருக்கு எதிராக நிற்பது பதிவான நாளிலிருந்துதான், அல்லது கையெழுத்திட்டவர் இறந்த நாளிலிருந்து, அல்லது அதன் சாரம் ஓர் அரசாவணத்தில் குறிக்கப்பட்ட நாளிலிருந்து. எனவே பின்பக்கம் உங்களுக்கு மிக முக்கியம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பதிவு ஒக்தோபரில் நடந்தது என்பதால் எழுதியதும் ஒக்தோபர் என்று ஆகிவிடாது, வாரங்கள் கழித்துப் பதிவுக்குக் கொண்டுவருவதும் உண்டு. உங்கள் தரப்பு வழக்கறிஞர் இதை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும்.

அதைவிட வலுவான சான்று பத்திரத்தின் உள்ளே இருக்கக்கூடும். விற்பவர் தமக்கு நிலம் எப்படி வந்தது என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். "பாகப்பிரிவினையில் தமக்கு வந்த பாகம்" என்ற பொருளில் அங்கே ஒரு தொடர் இருந்தால், விற்பனை செப்டம்பர் 14க்குப் பிந்தியதாகவே இருக்க வேண்டும். பிரிக்கப்படாத நிலம் என்ற சொல் இருந்தால் எதிர்த்தரப்பு சொல்வதே சரி என்று நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வரி மங்கியிருந்தால் பக்கவாட்டில் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள், மை போன இடத்திலும் பேனா பதிந்த கோடு தெரியும்.

படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். நேரடியாகத் தமிழில் எழுதத் தொடங்காதீர்கள். முதலில் பிரெஞ்சிலேயே வரிக்கு வரி, அடித்தல் திருத்தல் உட்பட, பழைய எழுத்துக்கூட்டலை மாற்றாமல் ஒரு படி எடுங்கள். பிரெஞ்சு அகாதெமி 1835இல் எழுத்துக்கூட்டலை மாற்றிய பின்னும் பழைய எழுத்தர்கள் தாங்கள் கற்றபடியே எழுதினார்கள். பிள்ளைகள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் இறுதிக்கு முந்தைய எழுத்து விடுபட்டிருந்தால் அதைத் "திருத்தி" எழுதாதீர்கள். படியாத சொல்லை நிரப்பாமல் அடைப்புக்குறியில் "படிக்க இயலவில்லை" என்று விடுங்கள். அதே கையெழுத்தில் நன்கு தெரியும் வேறு சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். நான்கெல்லையில் கவனம் வேண்டும்: கிழக்கைச் சூரியன் எழும் பக்கம் என்றும், தெற்கை நண்பகல் என்றும் எழுதியிருப்பார்கள், "நண்பகலில் கந்தசாமி நிலம்" என்று தமிழாக்கப்பட்ட ஒரு பத்திரத்தை நானே பார்த்திருக்கிறேன்.

முதலியார்பேட்டை அன்பர்

என் தாத்தா தம் பூர்வீகச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப்பெயர் எடுத்தவர். அவருடைய பிறப்புச் சான்று பிரான்சின் எக்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் கிடைத்தது. நீங்களும் அதில் தேடினால் உங்கள் பத்திரம் கிடைக்குமே?

வில்லியனூர் மொழிபெயர்ப்பாளர்

அங்கே இணையத்தில் இருப்பவை பெரும்பாலும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் போன்றவை. நிலப்பத்திரத்தை அதில் தேடிப் பயனில்லை. ஆனால் கையெழுத்திட்டவரின் இறப்பு நாள் அதில் கிடைத்தால், நான் மேலே சொன்ன சட்டப்பிரிவுக்கு உதவலாம்.

பாகூர் பேத்தி

பின்பக்கத்தைப் படமெடுத்தேன். பதிவாளரின் குறிப்பு ஒக்தோபர் 23 என்று எழுத்தாலேயே இருக்கிறது. உள்ளே, விற்பவர் நிலம் பெற்ற விதத்தைச் சொல்லும் வரியில் பாகப்பிரிவினை என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன, மீதி மடிப்பில் கிழிந்துவிட்டது. நான்கு எழுத்தும் ஒரு கிழிசலும் மட்டுமே இருப்பதாக வழக்கறிஞரிடம் சொன்னேன். அந்தச் சொல்லைத் தமிழாக்கத்தில் முழுமையாக எழுதாமல், தெரிந்த எழுத்துகளையும் கிழிந்த இடத்தையும் அப்படியே காட்டி, உறுதிமொழியுடன் புதிய தமிழாக்கம் தாக்கல் செய்யலாம் என்கிறார். பாகப்பிரிவினை நோத்தேர் ஏட்டில் இருந்ததால், அதே ஆண்டின் ஏட்டில் இந்த விற்பனையைப் பற்றிய குறிப்பு எங்காவது உண்டா என்று தேட விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். காரைக்கால் அக்கா, உங்கள் குழிக்கணக்கைப் படித்த பிறகு எங்கள் பத்திரத்தின் ஒரு காணியையும் மூலத்தில் உள்ளபடியே விட்டிருக்கிறேன்.